தேசி மரத்துப் புழுவும் பூவரசடிச் சிவப்புப் பூச்சியும்: உருமாற்றம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை உவர்மலையில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் கற்பிக்கிறேன். கீழே இருப்பவை பல வருடங்களாக மாணவர்களும் அவர்களது பெற்றோரும் தம்பலகாமத்து வயற்காரர் ஒருவரும் என்னிடம் கேட்டவை. எல்லாவற்றையும் இரண்டு பூச்சிகளை வைத்தே சொல்லப் பார்க்கிறேன். ஒன்று தேசி மரத்தில் வளரும் வண்ணத்துப்பூச்சி. மற்றது பூவரசு மரத்தடியில் கூட்டமாகத் திரியும் சிவப்புப் பூச்சி. இரண்டையும் பார்க்க ஆய்வுகூடம் தேவையில்லை.

நிறைவான உருமாற்றம், நிறைவற்ற உருமாற்றம்: சுருக்கமாக என்ன வித்தியாசம்?

முதலாவதில் முட்டை, குடம்பி எனப்படும் புழு, கூட்டுப்புழு, நிறையுடலி எனப்படும் முதிர்ந்த பூச்சி என்று நான்கு பருவங்கள். இரண்டாவதில் முட்டை, தாயைப் போன்ற குஞ்சான அணங்கு, நிறையுடலி என்று மூன்று. வண்ணத்துப்பூச்சி, வண்டு, ஈ, நுளம்பு, தேனீ, எறும்பு ஆகியவை முதல் வகை. கரப்பான், வெட்டுக்கிளி, கும்பிடுபூச்சி, மூட்டைப்பூச்சி, நெல்வயல் தத்தி, கறையான் ஆகியவை இரண்டாம் வகை.

பருவங்களை எண்ணுவதைவிடச் சிறகு எங்கே வளர்கிறது என்று பார்ப்பது நல்லது. அணங்கின் முதுகில் சிறகு மொட்டுகள் வெளியே தெரியும், ஒவ்வொரு தோலுரிப்பிலும் சற்றுப் பெருக்கும். குடம்பியின் சிறகு உடலுக்குள்ளே ஒரு சின்ன மடிப்பாக ஒளிந்திருக்கும், கூட்டுப்புழு ஆகும்போதுதான் வெளியே தள்ளப்படும். கூட்டுப்புழு என்ற பருவம் ஏன் வேண்டியிருக்கிறது என்பதற்கு இதிலேயே பாதி விடை இருக்கிறது.

"நிறைவற்ற" என்றால் அந்தப் பூச்சியில் ஏதோ குறை இருக்கிறது என்று அர்த்தமா?

இல்லை. பெயர் வைத்தவர்கள் செய்த அநியாயம் அது. பூச்சி உலகில் நிறைவற்ற உருமாற்றம்தான் பழைய முறை. கூட்டுப்புழுப் பருவம் அதற்குப் பிறகு தோன்றியது. கரப்பானைப் பார்த்து "நிறைவற்றது" என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

எங்கள் தேசி மரத்தில் பறவை எச்சம் மாதிரி ஒரு புழுவும் தடித்த பச்சைப் புழு ஒன்றும் இருக்கின்றன. இரண்டு இனமா?

பெரும்பாலும் ஒரே இனம். தேசி, தோடை மரங்களின் இளந்தளிரில் முட்டையிடும் வண்ணத்துப்பூச்சியின் குடம்பி, ஒரு தோலுரிப்பிலிருந்து அடுத்தது வரை ஒரு பருவம் என்று எண்ணினால், ஐந்து பருவங்கள் வளர்கிறது. முதல் நான்கு பருவங்களிலும் அது கறுப்பும் வெள்ளையுமாகக் காக்கை எச்சம் போல இலையின் மேல் அசையாமல் இருக்கும். நான்காவது முறை தோலை உரித்துவிட்டு ஐந்தாம் பருவத்துக்குள் வரும்போது திடீரென்று இலைப் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவைபோல ஒரு கொம்பை நீட்டி நாற்றம் விடும். கறிவேப்பிலையில் வளரும் அதன் நெருங்கிய உறவும் இப்படித்தான்.

முற்றத்து மரத்தில் நான் பின்தொடர்ந்த ஒரு முட்டை மூன்றாம் நாள் பொரித்தது. குடம்பியாக இரண்டு வாரத்துக்குச் சற்று மேல் தின்றது, கூட்டுப்புழுவாகப் பத்து நாள் தொங்கியது. குளிர்காலமே இல்லாத எங்கள் ஊரில் இந்தக் கணக்கு அதிகம் மாறுவதில்லை.

நிறம் மாறுவதற்குப் பின்னால் ஒரு ஓமோன் இருக்கிறது. இதே பேரினத்தைச் சேர்ந்த ஆசிய வண்ணத்துப்பூச்சி ஒன்றில் ஜப்பானிய ஆய்வாளர்கள் 2008 இல் இதைக் காட்டினார்கள். பூச்சியை இளம் வடிவத்திலேயே வைத்திருக்கும் இளமை ஓமோன்தான் அது. நான்காம் பருவத்தின் தொடக்கத்தில் அதன் அளவு குறைய வேண்டும். அந்த வேளையில் வெளியிலிருந்து அதே ஓமோனைப் போன்ற ஒன்றைத் தடவினால், ஐந்தாம் பருவப் புழு பச்சையாக வராமல் எச்சக் கோலத்திலேயே வருகிறது. உடல் பெரிது, உடுப்பு சின்னப் பிள்ளையினுடையது. இளமை ஓமோன் செய்யும் வேலை எது என்று மாணவர்களுக்கு விளங்கவைக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

பூவரசடியில் சிவப்புப் பூச்சிகள் கும்பலாக இருக்கின்றன. சிலவற்றுக்குச் சிறகு இருக்கிறது, சிலவற்றுக்கு இல்லை. ஆணும் பெண்ணுமா?

வயது வித்தியாசம். பூவரசு, பருத்தி, வெண்டி ஆகிய ஒரே குடும்பத்துச் செடிகளின் விதையை உறிஞ்சும் பூச்சி இது. ஐந்து அணங்குப் பருவங்கள். முட்டையிலிருந்து வந்தது கடுகளவில் முழுச் சிவப்பாக இருக்கும், சிறகின் அடையாளமே இல்லை. மூன்றாம் பருவம் அளவில் முதுகில் இரண்டு சின்னக் கரும்புள்ளிகள்போல மொட்டுகள் தெரியத் தொடங்கும். ஐந்தாம் பருவத்தில் அவை தெளிவான கறுப்பு மடல்கள். அடுத்த தோலுரிப்பில் முதுகை மூடும் முழுச் சிறகு வந்துவிடும்.

ஒரு நாள் காலையில் பூவரசு வேரருகே குந்தியிருந்து பாருங்கள். எல்லா வயதும் ஒரே விதையைச் சுற்றி நின்று ஒரே மாதிரி உறிஞ்சும். தேசிப் புழு இலையைக் கடித்துத் தின்கிறது, அதன் வண்ணத்துப்பூச்சி பூவில் தேன் உறிஞ்சுகிறது. சிவப்புப் பூச்சியின் பிள்ளையும் தாயும் ஒரே சட்டியில் சாப்பிடுகின்றன. வாய் மாறவில்லை, கால் மாறவில்லை. மாற வேண்டியவை சிறகும் இனப்பெருக்க உறுப்புகளும் மட்டுமே, ஆகவே இடையில் கூடு கட்டிப் படுக்க வேண்டிய தேவையும் இல்லை.

பூச்சி வளர வளரத் தோல் இறுகிக் கிழிந்துவிடுகிறது என்பதுதானே தோலுரிப்பு?

சட்டை சின்னதாகிக் கிழிவது போல என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. பழைய மேலோடு கிழிவது கடைசிச் சில நிமிடங்களில் நடக்கும் காட்சி மட்டுமே. அதற்கு முன் ஒன்றிரண்டு நாட்களாக உள்ளே வேலை நடந்திருக்கும்.

முதலில், மேலோட்டைச் சுரந்த கல அடுக்கு அதிலிருந்து பிரிந்து நிற்கிறது. இடையில் ஒரு மெல்லிய வெளி உண்டாகி, அதில் தோலுரிப்புத் திரவம் நிரம்புகிறது. அத்திரவத்தில் மேலோட்டைச் சமிக்கும் நொதியங்கள் இருக்கின்றன, ஆனால் ஆரம்பத்தில் அவை செயலற்றுத்தான் இருக்கும். கலங்கள் புதிய மேலோட்டின் மிக மெல்லிய வெளிப்படையை முதலில் போட்டுவிட்டுத்தான் நொதியங்கள் செயற்படத் தொடங்குகின்றன. இந்த வரிசை பிசகினால் பூச்சி தன் புதுத் தோலையே சமித்துவிடும். பிறகு பழைய மேலோட்டின் உட்பகுதி கரைந்து, அதிலிருந்த கைற்றினும் புரதமும் உடலுக்குள் திரும்ப உறிஞ்சப்பட்டுப் புதிய தோலுக்குச் செலவாகின்றன. பழைய மேலோட்டின் பெரும்பகுதி இப்படித் திரும்பிவிடுகிறது. நாம் கையில் எடுத்துப் பார்க்கும் கழற்றிய தோல் காகிதம்போல் இலேசாக இருப்பது இதனால்தான்.

புதிய தோல் பழையதற்கு அடியில் சுருக்கங்களுடன் மடிந்து கிடக்கும். எல்லாம் தயாரானதும் பூச்சி காற்றை விழுங்கித் தன்னை உப்பவைக்கிறது. முதுகின் நடுவில் ஏற்கெனவே மெலிந்திருக்கும் ஒரு கோடு வழியே ஓடு பிளக்கிறது. ஊர்ந்து வெளியே வந்து, தோல் இறுகுமுன் மீண்டும் உப்பி அளவைக் கூட்டிக்கொள்கிறது. மேலோட்டின் இறுகும் பகுதிகளின் அளவு அந்த ஓரிரு மணி நேரத்தில்தான் கூடுகிறது.

வயற்கரை நாணலில் ஒட்டியிருக்கும் தும்பியின் வெற்றுத் தோல் கிடைத்தால் முதுகுப் பிளவுக்குள் எட்டிப் பாருங்கள். சில வெள்ளை நூல்கள் தொங்கும். அவை மூச்சுக்குழாய்களின் உள்ளுறை. வெளித்தோலோடு மூச்சுக்குழாயின் உறையையும் பூச்சி உருவி எறிகிறது. இதை முதன்முதலில் பார்த்த அன்று, நம் தொண்டைக்குள் இருந்து ஒரு குழாயை இழுப்பது போல எனக்கே மூச்சு முட்டியது.

சமையலறையில் இரவில் வெள்ளைக் கரப்பான் ஒன்றைக் கண்டேன். அது தனி இனமா?

அப்போதுதான் தோலுரித்த கரப்பான். விடியும்போது வழக்கமான கபில நிறத்துக்கு வந்துவிடும். தோலை இறுக்கிக் கறுக்கவைப்பது பேர்சிக்கோன் என்ற ஓமோன். அதுவரை அது மிக மென்மையாக இருப்பதால் பெரும்பாலும் மறைவில்தான் இருக்கும். உங்கள் கண்ணில் பட்டது அதன் கெட்ட காலம்.

எந்த ஓமோன் எதைச் செய்கிறது? பரீட்சைக்கு எழுதக்கூடியதாகச் சொல்லுங்கள்.

மூன்று பெயர்களை வைத்துக்கொள்ளுங்கள்: மூளை ஓமோன், எக்டைசோன், இளமை ஓமோன்.

பூச்சி போதுமான அளவு வளர்ந்ததும் மூளையிலுள்ள சில நரம்புக் கலங்கள் மூளை ஓமோனை விடுகின்றன. அது மார்பின் முன்பகுதியிலுள்ள முன்மார்புச் சுரப்பியைத் தூண்டுகிறது. அச்சுரப்பி எக்டைசோன் என்ற ஸ்டீரொயிட்டைச் சுரக்கிறது. எக்டைசோன் வேறு இழையங்களில் சற்று மாற்றப்பட்டு, செயற்படும் வடிவத்துக்கு வந்து, தோற் கலங்களை அடைகிறது. தோலுரிப்புப் பற்றிய கேள்வியில் சொன்ன வேலைகள் அங்கே தொடங்குகின்றன. மூளைக்குப் பின்னாலுள்ள கோப்போரா அலாற்றா என்ற சின்னச் சோடிச் சுரப்பி இளமை ஓமோனைத் தருகிறது.

விடைத்தாள்களில் நான் திரும்பத் திரும்பச் சிவப்புப் பேனையால் வெட்டும் வசனம் ஒன்று உண்டு: "இளமை ஓமோன் தோலுரித்தலைத் தடுக்கிறது." தடுப்பதில்லை. தோலை உரி என்ற கட்டளை எக்டைசோனுடையது. உரித்த பின் என்னவாக வர வேண்டும் என்பதைச் சொல்வது இளமை ஓமோன். அது நிறைய இருக்கும்போது எக்டைசோன் எழுந்தால் குடம்பி பெரிய குடம்பியாகிறது, அணங்கு பெரிய அணங்காகிறது. அது இல்லாதபோது எக்டைசோன் எழுந்தால் அடுத்த வடிவம் வருகிறது. குடம்பிக்கு அடுத்த வடிவம் கூட்டுப்புழு. அணங்குக்கு அடுத்த வடிவம் நேரே நிறையுடலி.

இன்னொன்றையும் சேர்த்து எழுதினால் முழுமையாக இருக்கும். எக்டைசோன் எழுவது போலவே அது இறங்குவதும் அவசியம். அது இறங்கிய பின்தான் பழைய ஓட்டை உடைத்து வெளியேறும் அசைவுகளைத் தூண்டும் ஓமோன்கள் செயற்பட முடியும். எழுந்து இறங்காமல் நின்றுவிட்டால் பூச்சி பழைய தோலுக்குள்ளேயே சிக்கிச் சாகும். இதை மனதில் வைத்திருங்கள், வயற்காரரின் கேள்விக்குத் தேவைப்படும்.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? தலையை வெட்டினார்கள் என்று ஐயா ஒருமுறை வகுப்பில் சொன்னீர்கள். தலை போனால் பூச்சி செத்துவிடாதா?

உடனே சாகாது. பூச்சி மூச்சு விடுவது உடலின் பக்கத் துளைகளால், தலையால் அல்ல. வெட்டிய இடத்தை மெழுகால் அடைத்தால், நிறைய உணவு உட்கொண்ட பூச்சி தலையில்லாமலே மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

போலந்தைச் சேர்ந்த ஸ்டெபான் கோபெச் 1917 இலும் 1922 இலும் வெளியிட்ட ஆய்வுகளில் அந்துப்பூச்சிக் குடம்பிகளின் மூளையை நீக்கிப் பார்த்தார், உடலை நூலால் இறுக்கிக் கட்டியும் பார்த்தார். கடைசிப் பருவத்தில் குறித்த ஒரு நாளுக்கு முன் நடுவில் கட்டினால், முன்பாதி கூட்டுப்புழுவாகிறது, பின்பாதி குடம்பியாகவே நிற்கிறது. அந்த நாள் கடந்த பின் கட்டினால் இரண்டு பாதியும் மாறுகின்றன. முன்னாலிருந்து ஏதோ ஒன்று இரத்தத்தில் பின்னே வர வேண்டும் என்பது அதன் பொருள். பூச்சிகளுக்கு ஓமோன் உண்டு என்று நம்பவே பலர் தயாராயிருக்காத காலம் அது.

அடுத்த படி நிறைவற்ற உருமாற்றம் உள்ள ஒரு பூச்சியில் நடந்தது. லண்டனில் விகிள்ஸ்வேர்த் என்ற பூச்சியியலாளர் தென் அமெரிக்க இரத்தமுறிஞ்சி ஒன்றை வளர்த்தார். அதை அவர் தேர்ந்தது வசதிக்காகத்தான். அதற்கு ஐந்து அணங்குப் பருவங்கள், ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரே ஒரு வயிறு நிறைந்த இரத்த உணவு. வயிறு விரிவதே மூளைக்குச் சமிக்ஞை. ஆகவே உணவு கொடுத்த நாளை முதல் நாளாக வைத்து மணிக்கூடு போலக் கணக்கிடலாம்.

1930களில் அவர் செய்தவற்றை வரிசையாகப் பாருங்கள். ஐந்தாம் பருவ அணங்குக்கு இரத்தம் கொடுத்து, மறுநாளே தலையை வெட்டினால் அது தோலுரிப்பதில்லை. ஒரு வாரம் கடந்த பின் வெட்டினால் தலையில்லாமலே தோலுரித்துச் சிறகுள்ள நிறையுடலியாகிறது. சரி, முன்கூட்டித் தலை வெட்டப்பட்டதையும் பிந்தி வெட்டப்பட்டதையும் கழுத்தோடு கழுத்து ஒட்டி இரத்தம் கலக்கவிட்டால்? இரண்டும் தோலுரிக்கின்றன. தோலுரிப்புக் கட்டளை இரத்தத்தில் போகிறது என்பது முடிவானது.

அதன் பிறகுதான் கெட்டிக்காரத்தனம். தலை வெட்டிய முதற்பருவக் குஞ்சை, தோலுரிக்கத் தயாரான ஐந்தாம் பருவத்தோடு ஒட்டினார். அந்தக் குஞ்சு நான்கு பருவங்களைத் தாண்டி ஒரு மிகச் சின்ன நிறையுடலியானது. மறுபக்கம், இளம் அணங்கின் கோப்போரா அலாற்றாவை ஐந்தாம் பருவத்தினுள் பதித்தார். அது நிறையுடலியாக வேண்டிய இடத்தில், இயற்கையில் இல்லாத ஆறாவது அணங்காக, இராட்சத உருவில் வந்தது. எந்த வயதிலும் எல்லா வடிவங்களும் உள்ளே தயாராக இருக்கின்றன, எது வெளிவருவது என்பதை ஒரு சுரப்பிதான் முடிவுசெய்கிறது என்று ஆனது.

எக்டைசோனைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தது 1954 இல். ஜேர்மனியில் புட்டெனான்ட், கார்ல்சன் இருவரும் 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுக்களிலிருந்து 25 மில்லிகிராம் எடுத்தார்கள். ஒரு லொறிப் பாரத்திலிருந்து ஒரு சிட்டிகைகூட இல்லை.

இரண்டு வகைக்கும் அதே ஓமோன்கள்தான் என்றால், கூட்டுப்புழு எப்படி வந்தது?

நல்ல கேள்வி, பாடப்புத்தகம் இதைத் தொடாமல் போய்விடுகிறது. ஓமோன்கள் அதேதான். அவற்றைக் கேட்டு எந்த மரபணு எழுகிறது என்பதில்தான் வித்தியாசம்.

இளமை ஓமோன் இருக்கும்வரை, நிறையுடலியை உருவாக்கும் மரபணு அடக்கப்பட்டே இருக்கும். அந்த மரபணுவை ஆய்வாளர்கள் ஈ-93 என்கிறார்கள். சிவப்புப் பூச்சி போன்றவற்றில் கடைசி அணங்குப் பருவத்தில் இளமை ஓமோன் வடிந்ததும் ஈ-93 எழுகிறது, அடுத்த தோலுரிப்பில் நிறையுடலி. ஒரே படி.

தேசிப் புழுவில் இரண்டு படிகள். ஐந்தாம் பருவத்தின் பின்பகுதியில் இளமை ஓமோன் வடிந்ததும் எக்டைசோன் சிறிதளவு எழுகிறது. அப்போதே புழுவின் நடத்தை மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம்: தின்பதை நிறுத்தி, குடலைக் காலிசெய்து, ஈரமான கழிவை விட்டுவிட்டு, இடம் தேடி அலையத் தொடங்கும். பிள்ளைகள் போத்தலில் வளர்த்த புழுவுக்கு "ஒரே வயிற்றோட்டம், சாகப்போகிறது" என்று பதறி வருகிற பெற்றோர் வருடத்துக்கு ஒருவராவது உண்டு. அது நோயல்ல. இந்தப் படியில் எழுவது கூட்டுப்புழுவுக்குரிய இன்னொரு மரபணு. ஒன்றிரண்டு நாளில் எக்டைசோன் பெரிதாக எழும்போது கூட்டுப்புழு வருகிறது. அதற்குள் ஈ-93 எழுந்து, அடுத்த எக்டைசோன் எழுச்சியில் வண்ணத்துப்பூச்சி. வண்டு ஒன்றின் கூட்டுப்புழுவில் ஈ-93 ஐ அடக்கியபோது அது நிறையுடலியாகாமல் இரண்டாவது தடவையும் கூட்டுப்புழுவானது. கரப்பானில் அதையே செய்தபோது அணங்கு மீண்டும் அணங்கானது.

சுரப்பியை நீக்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. மூன்றாம் பருவப் பட்டுப்புழுவில் கோப்போரா அலாற்றாவை எடுத்தால் அது சின்னக் கூட்டுப்புழுவாகிறது. ஆனால் முட்டையிலிருந்து வந்தவுடனான பருவங்களில் இளமை ஓமோன் இல்லாமற் போனாலும் புழு உடனே கூட்டுப்புழுவாகிவிடுவதில்லை. விகிள்ஸ்வேர்த்தின் குட்டிப் பூச்சியை வைத்து எல்லாப் பூச்சிக்கும் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

கூட்டுக்குள் புழு முழுவதும் குழம்பாகக் கரைந்து, பிறகு வண்ணத்துப்பூச்சி உருவாகிறது என்கிறார்களே?

மிகைப்படுத்தல். தசைகளும் குடலின் பெரும்பகுதியும் உடைந்து மீளக் கட்டப்படுகின்றன, உண்மை. ஆனால் மூச்சுக்குழாய்கள் இருக்கின்றன, நரம்புத் தொகுதி திருத்தியமைக்கப்பட்டுத் தொடர்கிறது. கடைசிக் குடம்பிப் பருவத்தில் ஒரு மணத்தை வெறுக்கப் பழக்கிய அந்துப்பூச்சிகள், கூட்டிலிருந்து வந்த பின்னும் அம்மணத்தை விட்டு விலகியதாக 2008 இல் ஓர் ஆய்வு காட்டியது. குழம்புக்கு அந்த ஞாபகம் இருக்காது.

இளமை ஓமோன் அளவுக்கு மிஞ்சினால் பூச்சிக்கு என்ன நடக்கும்?

இதற்கு ஒரு கதையே உண்டு, அதன் நாயகன் நமது பூவரசடிப் பூச்சியின் ஐரோப்பிய ஒன்றுவிட்ட சகோதரம்.

1960களின் நடுவில் கரெல் ஸ்லாமா என்ற பூச்சி ஆய்வாளர் பிராக் நகரிலிருந்து அமெரிக்காவின் ஹார்வர்டுக்குத் தன் சிவப்புப் பூச்சிகளைக் கொண்டுபோனார். ஊரில் ஒழுங்காக வளர்ந்தவை அங்கே ஐந்தாம் பருவத்துக்குப் பிறகு நிறையுடலியாகவில்லை. பெரிய ஆறாம் பருவ அணங்காக மாறி, முதிராமலே செத்தன. யாரோ இளமை ஓமோனை ஊட்டுவது போல இருந்தது. உணவு, தண்ணீர், விதை என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் அகப்பட்டது, வளர்ப்புப் பாத்திரத்தில் விரித்திருந்த துடைக்கும் காகிதம்.

ஹார்வர்டு ஆய்வாளர் கரோல் வில்லியம்ஸும் அவரும் வேறு காகிதங்களையும் சோதித்தார்கள். அமெரிக்கச் செய்தித்தாள்களை விரித்தால் பூச்சி முதிரவில்லை. லண்டனில் அச்சான தாளை விரித்தால் ஒழுங்காக முதிர்ந்தது. காரணம் மை அல்ல, மரம். அமெரிக்கக் காகிதக் கூழுக்குப் பயன்பட்ட பால்சம் ஃபேர் மரத்தில் இளமை ஓமோனைப் போன்று செயற்படும் ஒரு பொருள் இருந்தது. 1966 இல் அது தனியே பிரிக்கப்பட்டு ஜுவாபயோன் என்று பெயர் பெற்றது. அது இந்தச் சிவப்புப் பூச்சிக் குடும்பத்தைத்தான் முக்கியமாகப் பாதிக்கிறது, மற்றப் பூச்சிகளுக்கு அனேகமாக ஒன்றுமில்லை. இயற்கைப் பொருள் ஒன்று குறித்த ஒரு குடும்பத்தை மட்டும் முதிராமல் நிறுத்த முடியும் என்றால், அதையே மருந்தாக்கலாமே என்ற எண்ணம் இதிலிருந்து வலுப்பெற்றது.

தண்ணீர்த் தொட்டிக்கு நுளம்பு மருந்து போட்டு மூன்று நாளாகியும் குடம்பிகள் நீந்துகின்றன. மருந்து பழுதா?

எந்த மருந்து என்று முதலில் பாருங்கள். 2017 இல் கிண்ணியாவில் டெங்கு பரவிய பிறகு இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. சில மருந்துகள் நரம்பைத் தாக்கும், ஒரு நாளுக்குள் குடம்பி மிதக்கும். பைரிப்ரொக்சிபென், மெத்தோபிரீன் போன்றவை வேறு சாதி. அவை இளமை ஓமோனின் போலி.

நான்கு பருவக் குடம்பிக்கு முதல் மூன்று பருவங்களிலும் தன் சொந்த இளமை ஓமோனே நிறைய இருக்கிறது. போலியையும் சேர்த்தால் அதற்கு ஒரு நட்டமுமில்லை, நீந்தும், தின்னும். ஓமோன் வடிய வேண்டிய கடைசிப் பருவத்தில்தான் போலி குறுக்கே நிற்கிறது. பெரும்பாலும் கூட்டுப்புழுவாகும், நுளம்பாக வெளியே வராது. ஆகவே குடம்பியை எண்ணிப் பயனில்லை. தொட்டியிலிருந்து நீரோடு சில கூட்டுப்புழுக்களை, அதாவது தலை பருத்துக் காற்புள்ளி போல வளைந்திருப்பவற்றை, ஒரு போத்தலில் எடுத்து வலைத்துணியால் மூடி மூன்று நாள் வையுங்கள். நுளம்பு பறந்தால் மருந்து வேலை செய்யவில்லை. செத்த கூட்டுப்புழுக்களும் பாதி வெளிவந்து சிக்கிய நுளம்புகளும் இருந்தால் வேலை செய்கிறது.

குடிநீரில் பைரிப்ரொக்சிபென் லீற்றருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அளவை வீட்டில் கண்மதிப்பாகப் போடாதீர்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் விடுங்கள்.

தம்பலகாமத்தில் வயல். கபில நிறத் தத்திக்கு ஒரு மருந்து அடித்தேன். மறுநாளும் தத்திகள் பாய்ந்து திரிகின்றன. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

போத்தலில் புப்ரோபெசின் என்று எழுதியிருந்தது, அதனால் கடைக்காரரைக் குறை சொல்ல அவசரப்பட வேண்டாம் என்றேன். அம்மருந்து கைற்றின் உருவாவதைத் தடுக்கிறது. புதுத் தோல் போடும்போதுதான் அது கொல்லும். அணங்கு அடுத்த தோலுரிப்பு வரை உயிரோடிருந்து, உரிக்கும்போது சிக்கிச் சாகும். நிறையுடலித் தத்தி இனித் தோலுரிக்கப் போவதில்லை, ஆகவே அது சாகாது. மறுநாள் பாய்ந்தவை நிறையுடலிகளும் இன்னும் உரிக்காத அணங்குகளும்தான்.

சிறகில்லாச் சின்னத் தத்திகளைச் சில நாட்களுக்குப் பிறகு நெற்பயிரின் அடிப்பாகத்தில் எண்ணிப் பார்க்கச் சொன்னேன். அவற்றின் தொகை சரிந்திருந்தால் வெற்றி. சிறகுள்ளவை மட்டும் நிறைந்திருந்த வயலில் அதை அடித்திருந்தால் காலம் பிந்திவிட்டது என்று அர்த்தம்.

அவர் கேட்ட அடுத்த கேள்வி இன்னும் கூர்மையானது: நுளம்புக்குப் போடும் இளமை ஓமோன் போலியைச் சோளனைத் தின்னும் படைப்புழுவுக்கு அடித்தால் என்ன? அடிக்கக் கூடாது. நுளம்பில் தொல்லை தருவது நிறையுடலி, அது வராமற் போனால் போதும். படைப்புழுவில் தொல்லையே குடம்பிதான். அதன் இளமையை நீட்டினால் இன்னும் சில நாள் கூடத் தின்னும். அங்கே வேண்டியது எதிர்த்திசை. டெபுபெனோசைட் என்ற மருந்து எக்டைசோனைப் போல நடித்து, தின்பதைச் சில மணி நேரத்தில் நிறுத்திக் காலமில்லாத காலத்தில் தோலுரிப்பைத் தொடக்கிவிடுகிறது. ஆனால் எக்டைசோன் போல அது இறங்குவதில்லை. புழு புதிய தலையைப் பழைய தலையோட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, வாய் திறக்க முடியாமல் சாகிறது. அது வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி இனக் குடம்பிகளில்தான் வேலை செய்யும், தத்தியில் வேலை செய்யாது. எதை எப்போது அடிப்பது என்று விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

தும்பி எந்த வகை? அதன் குஞ்சு தண்ணீரில் இருக்கிறது, தாய் வானில் பறக்கிறது. நிறைவான உருமாற்றம் போலத்தானே தெரிகிறது?

நிறைவற்ற வகை. வாழிடம் மாறியதால் தோற்றம் ஏமாற்றுகிறது. நீருக்குள்ளேயே முதுகில் சிறகு மொட்டு தெரியும், கூட்டுப்புழுப் பருவம் இல்லை.

பிள்ளைகள் போத்தலில் வளர்த்த வண்ணத்துப்பூச்சி வெளியே வந்துவிட்டது, ஆனால் சிறகு கசங்கியபடியே இருக்கிறது. என்ன பிழை செய்தோம்?

அனேகமாகத் தொங்க இடமில்லாமற் போயிருக்கும். வெளிவரும்போது சிறகு ஈரமான சின்னப் பை போலத்தான் இருக்கும். பூச்சி எதையாவது பற்றித் தொங்கிக்கொண்டு, உடலிலிருந்து குருதியைச் சிறகின் நாளங்களுக்குள் தள்ளி அதை விரிக்க வேண்டும். வழுக்கும் போத்தற் சுவரில் அது விழுந்து விழுந்து ஏற முயலும். இதற்கிடையில், முன்பு சொன்ன பேர்சிக்கோன் சிறகை இறுக்கத் தொடங்கிவிடும். சிறகு கசங்கிய நிலையில் இறுகினால் இனி எதுவும் செய்ய முடியாது.

அடுத்த முறை போத்தலுக்குள் மூடிவரை உயரும் கரடுமுரடான ஒரு குச்சியைச் சாய்த்து வையுங்கள், சிறகு விரியப் போதிய அகலமுள்ள பாத்திரமாகப் பாருங்கள். கூடு கறுத்துச் சிறகின் கோலம் உள்ளே தெரியத் தொடங்கினால் வெளிவர ஒரு நாள்தான் இருக்கிறது, அந்த வேளையில் அதைக் கையால் தொட வேண்டாம். கூட்டில் சின்னத் துளை விழுந்து அதிலிருந்து கொசு அளவில் கரும்பூச்சிகள் பல வந்தால், அவை ஒட்டுண்ணிக் குளவிகள். அவற்றின் தாய் கூட்டுப்புழுவின் தோல் மெதுவாயிருந்த முதல் நாளிலேயே முட்டையிட்டுவிட்டுப் போயிருக்கும்.